பண்டிகைக் கூட்டத்தில் கேரம் பகையைத் தீர்த்துக்கொள்வது எப்படி: பட்டுத் தெரிந்துகொண்டது

எனக்கும் என் மாமா மகனுக்கும் ஒரு கேரம் பாக்கி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய பண்டிகைக்குப் பாட்டி வீட்டில் கூடியிருந்தபோது ஆரம்பித்த ஆட்டம் அது. அவன் சிவப்புக் காயைக் குழியில் போட்டான். சிவப்பு செல்ல வேண்டுமானால் அடுத்தே தன் காயொன்றையும் போட வேண்டும், அதுதான் ஃபாலோ. அடுத்த அடியில் அதையும் போட்டான், ஆனால் காயோடு ஸ்ட்ரைக்கரும் குழிக்குள் போய்விட்டது. "காய் விழுந்திடுச்சுல்ல, ஃபாலோ ஆச்சு" என்றான். "ஸ்ட்ரைக்கர் விழுந்தா எப்படிடா ஆகும்?" என்றேன் நான். சுற்றி நின்ற பத்துப் பேரும் பத்துத் தீர்ப்பு சொன்னார்கள். சாப்பிடக் கூப்பிட்டார்கள், காய்களைக் கலைத்தார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அந்தப் பேச்சு கிளம்பும்.

இந்த வருடம் அதைத் தீர்த்துக்கொண்டோம். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒன்று இழுபட்டுக்கொண்டிருந்தால், நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். எங்கே சறுக்கினோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. முதலில் சண்டை, அப்புறம் ஆட்டம்: விதிகளைத் தாளில் எழுதுங்கள்

கேரமில் வீட்டுக்கு வீடு விதி வேறு. எங்கள் வீட்டில் கருப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று புள்ளி எண்ணி ஆடுவோம். மாமா வீட்டில் ஆளுக்கொரு நிறம். இருவரும் தன் வீட்டு விதியே உலக விதி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால், சண்டை வருவதற்கு யாரும் தப்பாட்டம் ஆட வேண்டியதில்லை. அதனால் ஆட்டத்துக்கு முந்தின இரவே உட்கார்ந்து பேசி, ஒரே ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இதற்குத் தேவைப்படும் ஒரே ஆவணம் இதுதான். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எல்லாவற்றையும் எழுத வேண்டாம். தகராறு வருகிற இடங்கள் மட்டும் போதும். அடிப்படையாகச் சர்வதேச கேரம் சம்மேளனத்தின் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வெள்ளை 9, மற்றவருக்குக் கருப்பு 9, நடுவில் சிவப்பு ஒன்று. வெள்ளைக்காரர் முதலில் உடைப்பார். இப்படி ஒரு சுற்று முடிவது ஒரு போர்டு. அடுத்த போர்டில் நிறமும் உடைக்கும் முறையும் மாறும். தன் காய்களை முதலில் முடிப்பவர் அந்தப் போர்டை வென்றவர். எதிராளியின் காய் பலகையில் எத்தனை மிச்சமோ அத்தனை புள்ளி அவருக்கு. சிவப்பை அவரே போட்டு ஃபாலோவும் போட்டிருந்தால் கூடுதலாக 3. 25 புள்ளியை எட்டினாலோ 8 போர்டு முடிந்தாலோ ஆட்டம் முடிவு.

எங்கள் தாளில் ஐந்து வரிகள் இருந்தன.

முதல் வரி, 25 புள்ளி அல்லது 8 போர்டு, எட்டாவது முடிவில் சமமானால் இன்னொரு போர்டு. இரண்டாவது, சிவப்புக்கு 3 புள்ளி, 22 வந்த பிறகு அது கிடையாது. மூன்றாவது, ஸ்ட்ரைக்கர் மட்டும் குழியில் விழுந்தால் ஒரு காய் ஃபைன், அதாவது ஏற்கெனவே போட்ட காயொன்று பலகைக்குத் திரும்பும், முறையும் போகும். காயோடு சேர்ந்து விழுந்தால் அந்தக் காயும் ஒரு ஃபைனும் வெளியே வரும், ஆனால் முறை தொடரும். ஃபைன் காயைப் பெரிய வட்டத்துக்குள் எதிராளி தன் விருப்பப்படி வைப்பார். நான்காவது, சிவப்புக்கு ஃபாலோ போடும்போது ஸ்ட்ரைக்கரும் விழுந்தால் ஃபாலோ செல்லாது. சிவப்பு நடுவுக்குத் திரும்பும், போட்ட காயும் ஒரு ஃபைனும் வெளியே வரும், முறையும் போகும். ஐந்தாவது, கட்டை விரலால் பின்பக்கம் அடிக்கலாம், ஆனால் போர்டு நடக்கும்போது நாற்காலியை நகர்த்தக் கூடாது.

நான்காவது வரி எங்கள் சொந்தத் தயாரிப்பு. பழைய சண்டையை மனதில் வைத்து நான்தான் எழுதச் சொன்னேன். அவன் ஒரு மணி நேரம் மறுத்தான். "மத்த நேரத்துல முறை தொடருது, இதுல மட்டும் ஏன் போகணும்?" என்று கேட்டான், நியாயமான கேள்விதான். நான் விடவில்லை. கடைசியில் "சரி, எழுதிக்கோ மச்சான்" என்று கையெழுத்துப் போட்டான்.

இரண்டாவது வரியில் ஓட்டை இருந்தது. "22 வந்த பிறகு" என்று எழுதினோமே, யாருடைய 22 என்று எழுதவில்லை. உங்கள் தாளை ஆட்டத்தில் சம்பந்தப்படாத ஒருவரிடம் கொடுத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். புரியவில்லை என்று அவர் நிறுத்துகிற இடத்தில்தான் பிறகு நீங்கள் அடித்துக்கொள்வீர்கள்.

2. பலகையைச் சோதியுங்கள்

பரணில் கிடந்த பலகையை இறக்கித் தூசி தட்டி அப்படியே ஆட உட்காராதீர்கள். தோற்றவர் முதலில் பழி போடுவது பலகை மேல்தான். பல சமயம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

முதல் சோதனை வளைவு. மூலைக்கு மூலை குறுக்காக ஒரு நூலை இழுத்துப் பிடித்து ஆட்டப் பரப்பில் படிய வைத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் பலகை குழிந்திருக்கிறது. நூல் நடுவில் மட்டும் தொட்டு ஓரங்களில் தூக்கினால் மேடு. லேசான குழிவோடு ஆடலாம், இருவருக்கும் ஒரே குழிவுதானே. மேடு இருந்தால் மெதுவாக அடித்த காயெல்லாம் ஓரத்துக்கு விலகும். அப்படிப்பட்ட பலகையில் தீர்ப்பு ஆட்டம் வேண்டாம்.

இரண்டாவது மட்டம். பவுடர் தூவி, ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு ஸ்ட்ரைக்கரை மிக மெதுவாகத் தள்ளிவிடுங்கள். வேகமாக அடித்தால் சாய்வு தெரியாது, நிற்கப்போகிற கடைசி நேரத்தில்தான் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று காட்டிக்கொடுக்கும். நான்கு திசையிலும் செய்து பார்த்து, தாழ்ந்த மூலைக்கடியில் மடித்த தாளை வையுங்கள். எங்களுக்கு ஒரு மூலையில் நான்கு மடிப்பு தேவைப்பட்டது. இரண்டு வருடத்துக்கு முன் அந்த மூலைக் குழியில்தான் எல்லாக் காயும் விழுந்துகொண்டிருந்தன என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றாவது காய்கள். எண்ணினால் மட்டும் போதாது. வெள்ளை 9-ஐ ஒரு அடுக்காகவும் கருப்பு 9-ஐ ஒரு அடுக்காகவும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உயரம் வேறுபட்டால் வேறு செட்டிலிருந்து காய் கலந்திருக்கிறது. காணாமல் போன காய்க்குப் பதிலாகச் சட்டைப் பொத்தானையோ பாட்டில் மூடியையோ வைத்து ஆடிய வீடுகள் எனக்குத் தெரியும். விளையாட்டுக்குச் சரி, பகை தீர்க்க ஆகாது. விதிப்படி ஒரு காய் 5 முதல் 5.5 கிராம். பொத்தானை அடித்தால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

3. செலவு எதில் செய்யலாம், எதில் வேண்டாம்

புதுப் பலகை வாங்க வேண்டாம். இருக்கிற பலகை மட்டமாக நின்றால் போதும். பணம் போட வேண்டியது இரண்டில்தான்: நல்ல ஸ்ட்ரைக்கர் ஒன்று, போரிக் பவுடர் கொஞ்சம்.

ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேலும் 4.13 செ.மீ. விட்டத்துக்கு மேலும் போகக் கூடாது என்பது விதி. கனமான ஸ்ட்ரைக்கர் கொண்டுவருபவருக்கு உடைக்கும்போது லாபம். அதனால் ஆளுக்கொன்று கொண்டுவருவதைவிட, ஒரே ஸ்ட்ரைக்கரை இருவரும் பயன்படுத்துவது நல்லது.

முகப் பவுடரைக் கொட்டாதீர்கள். கை ஈரமும் சேர்ந்துகொண்டால் அது திட்டுத் திட்டாக ஒட்டி, காய் பாதி வழியில் நிற்கும். போரிக் பவுடரையும் நடுவில் ஒரு சிட்டிகை போட்டு உலர்ந்த துணியால் பரப்பினால் போதும். காய் போன பாதை வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் பவுடர் அதிகம், துடைத்துவிடுங்கள். இன்னொன்று, அது வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள். பண்டிகை வீட்டில் தவழ்கிற குழந்தைகள் இருப்பார்கள். டப்பாவை மூடி உயரத்தில் வையுங்கள், ஆட்டம் முடிந்து சாப்பிடப் போகுமுன் கையைக் கழுவுங்கள்.

பந்தயம் பணமாக வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் தலையிட அது ஒன்றே காரணமாகிவிடும். தோற்றவர் பலகையைத் துடைத்துப் பரணில் ஏற்ற வேண்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

4. நேரம் குறியுங்கள்

போன முறை ஆட்டம் கெட்டது பாதியில் எழுந்ததால்தான். எங்கள் கைக்கு ஒரு போர்டு முடிய 10 முதல் 12 நிமிடம் ஆகிறது. எட்டுப் போர்டும் போனால் ஒன்றரை மணி நேரம். போட்டிகளில் மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றவர் என்று முடிவெடுப்பார்கள். பண்டிகை வீட்டில் நான்கு மணி நேரம் யாரும் உங்களைச் சும்மா விடமாட்டார்கள். ஒரே ஆட்டம் என்று முடிவு செய்யுங்கள்.

பண்டிகை நாளன்று வைக்காதீர்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் குனிந்து பார்ப்பார்கள், ஒருவர் பலகை மேலேயே கை ஊன்றுவார். மறுநாள் மதியம், சாப்பாடு முடிந்து பெரியவர்கள் கண்ணயரும் நேரம் சரியாக இருந்தது. விளக்கு பலகைக்கு நேர் மேலே இருக்கட்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில் காயின் நிழலைக் காய் என்று நினைத்துக் குறிவைப்பீர்கள்.

5. நடுவர்: நன்றாக ஆடுகிறவர் வேண்டாம்

நன்றாக ஆடத் தெரிந்தவரை நடுவராகப் போட்டால் அவர் ஆட்டத்துக்கு யோசனை சொல்ல ஆரம்பிப்பார். பாசக்காரரைப் போட்டால் அழுகிறவர் பக்கம் சாய்வார். நாங்கள் சித்தி மகளைப் போட்டோம். எனக்குத் தங்கை, அவனுக்கு அத்தை மகள், உறவு இரண்டு பக்கமும் சமம். வயது 11. கேரமில் துளி ஆர்வம் கிடையாது, ஆனால் எழுதியது எழுதியபடி நடக்க வேண்டும் என்கிற பிடிவாதம் உண்டு.

அவளுக்கு மூன்று வேலை. ஒவ்வொரு போர்டு முடிந்ததும் மிச்சக் காயை எண்ணி நோட்டில் எழுதி இருவரிடமும் காட்டுவது, ஸ்ட்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொட்டு நிற்கிறதா என்று பார்ப்பது, ஒரு அடிக்கு 15 வினாடிக்கு மேல் போனால் சொல்வது. மூன்றாவது வேலையைத்தான் அவள் மிகவும் ரசித்துச் செய்தாள்.

6. ஆட்டத்தில் கணக்கைக் கவனியுங்கள்

எங்கள் நோட்டில் இருந்ததை அப்படியே தருகிறேன். புள்ளி எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

டாஸ் அவனுக்கு. முதல் போர்டு அவன் வென்றான், என் காய் 4 மிச்சம், சிவப்பும் அவனுடையது, 7 புள்ளி. இரண்டாவது எனக்கு 8. மூன்றாவதில் சிவப்பை நான் எடுத்தும் போர்டை அவன் முடித்தான். போர்டைத் தோற்றவருக்குச் சிவப்பால் ஒரு பயனும் இல்லை, என் மிச்சக் காய் 6 அவனுக்குப் போனது. புதிதாக ஆடுகிறவர்கள் செய்யும் தவறு இதுதான். சிவப்பு கண்ணில் பட்டதும் அதன் பின்னாலேயே போய், தன் காய்களை ஓரத்தில் விட்டுவிடுவார்கள். நான்காவது எனக்கு வெறும் 2. ஐந்தாவது அவனுக்கு 8. இப்போது நான் 10, அவன் 21. ஆறாவதில் எனக்கு 9 வந்தது, ஏழாவதில் அவனுக்கு 1. எட்டாவது போர்டுக்கு வரும்போது நான் 19, அவன் 22.

இங்கேதான் தங்கை நோட்டைப் பார்த்தபடி கேட்டாள்: "22 வந்தா சிவப்புக்குப் புள்ளி இல்லன்னு எழுதியிருக்கீங்களே, அது அத்தானுக்கு மட்டுமா, அண்ணனுக்குமா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கும் இல்லை என்றால் நான் அவனுடைய 4 காயை மிச்சம் வைத்து ஜெயிக்க வேண்டும். அவனுக்கு மட்டும் என்றால் ஒரு காயும் சிவப்பும் போதும், 23 ஆகிவிடும். வித்தியாசம் அவ்வளவு பெரியது. யாருடைய கணக்கு 22-ஐத் தொட்டதோ அவருக்கு மட்டும்தான் சிவப்புப் புள்ளி கிடையாது, எதிராளிக்கு உண்டு என்பதுதான் விதி. அவன் அதை மறுத்திருக்கலாம். "யாரோட 22-ஓ அவங்களுக்குத்தான், எழுதிக்கோ" என்று அவனே சொன்னான். தங்கை எழுதி, இருவரிடமும் மறுபடி கையெழுத்து வாங்கினாள்.

எட்டாவது நான் உடைத்தேன். எப்போதும்போல ஆளுக்கு ஆள் மாறி மாறி, கடைசியில் பலகையில் இருந்தது மூன்று காய். எனக்கு ஒரு வெள்ளை, அவனுக்கு ஒரு கருப்பு, நடுவுக்குச் சற்றுத் தள்ளிச் சிவப்பு. முறை என்னுடையது. சிவப்பை ஓரத்தில் லேசாகத் தொட்டு வலது குழியில் போட்டேன். வெள்ளை இடது குழியின் வாயிலேயே நின்றது. அதைப் போட்டால் அவனுடைய ஒரு காய், சிவப்பு 3, மொத்தம் 4. எனக்கு 23, அவனுக்கு 22.

குழி வாயில் நிற்கும் காயை நேராக அடிப்பதுதான் எளிது என்று தோன்றும். ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம். நேருக்கு நேர் மோதினால் ஸ்ட்ரைக்கர் அங்கேயே நின்றுவிடாது. ஏறக்குறைய பாதி வேகத்தோடு காயின் பின்னாலேயே போகும். குழி அருகில் இருந்தால் அதுவும் உள்ளேதான். இப்படிப்பட்ட காயை ஓரத்தில் தொட்டு அனுப்ப வேண்டும், ஸ்ட்ரைக்கர் பக்கவாட்டில் விலகிப் போகும். இல்லையென்றால் காயை எட்டும்போதே ஸ்ட்ரைக்கர் ஓய்ந்துபோகிற அளவுக்கு மெதுவாகத் தட்ட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தங்கை "பன்னிரண்டு, பதிமூணு" என்று எண்ணிக்கொண்டிருந்தாள். நேராக அடித்தேன்.

வெள்ளை விழுந்தது. பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் விழுந்தது.

யாரும் பேசவில்லை. அவன் வாயைத் திறப்பான் என்று பார்த்தேன், திறக்கவில்லை. தங்கைதான் தாளை எடுத்து நான்காவது வரியைச் சத்தமாக வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, "இது யார் எழுதச் சொன்னது?" என்று கேட்டாள். நான் கையைத் தூக்கினேன்.

சிவப்பு நடுவுக்குப் போனது. என் வெள்ளையும் ஒரு ஃபைனும் வெளியே வந்தன. அவன் அவற்றைத் தன் பாதையில் இல்லாத இடமாகப் பார்த்து வைத்தான். சிவப்பைப் போட்டான், கருப்பால் ஃபாலோ போட்டான், ஸ்ட்ரைக்கர் ஓரமாக விலகி நின்றது. என் காய் இரண்டு மிச்சம், சிவப்புக்குப் புள்ளி இல்லை. 24க்கு 19.

7. ஆட்டம் முடிந்த பிறகு

பலகையைக் காய்ந்த துணியால் துடையுங்கள், ஈரத்துணி கூடாது. குழி வலைக்குள் தேங்கிய பவுடரையும் தட்டிவிடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் காலப்போக்கில் வளையும், படுக்க வைப்பதே நல்லது. மேலே வேறு சாமான் அடுக்காதீர்கள். காய்களை எண்ணி டப்பாவில் போட்டு, விதித் தாளையும் அதே டப்பாவில் வையுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள், தாள் தொலையும்.

நான் ஏணியில் நின்று பலகையை வாங்கிக்கொண்டிருந்தபோது அவன் கீழே இருந்து தூக்கிக் கொடுத்தான்.

"மச்சான், அடுத்த தடவைக்கு அந்த நாலாவது வரியை எடுத்துடலாமா?"

"வேண்டாம்டா, இருக்கட்டும்" என்றேன். "பலகையை நேராப் பிடி."